லிஸ்ட் ஆகாத கம்பெனி ஷேர் கையில் இருந்தால்: மதிப்பு போடுவது முதல் பணம் கைக்கு வருவது வரை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பீரோவில் இருந்த மஞ்சள் நிற ஷேர் சான்றிதழை எடுத்துக்கொண்டு வருபவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இது இப்போ எவ்வளவு போகும்?" அந்தக் கேள்விக்குப் பதில் ஐந்தாவது படியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் உள்ள நான்கு படிகளைத் தாண்டிக் குதித்தவர்கள் பணத்தை இழந்ததையும், சிலர் ஷேரையே இழக்கப் பார்த்ததையும் கண்டிருக்கிறேன்.

இங்கே சொல்வது ஊரில் உள்ள பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் இருக்கும் சிறு பங்கைப் பற்றி. டீலர்கள் விற்கும், சந்தைக்கு வரப்போவதாகப் பேசப்படும் பெரிய கம்பெனி ஷேர்களின் கதை வேறு.

உதாரணத்துக்கு ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க எண்களை முழுத்தொகையாக்கியிருக்கிறேன். கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் பிளான்ட், பிரைவேட் லிமிடெட். மூன்று நண்பர்கள் சேர்ந்து தொடங்கியது. மொத்தம் 10,000 ஷேர், ஒவ்வொன்றின் முகவிலை 100 ரூபாய். இன்று மானேஜிங் டைரக்டர் குடும்பத்திடம் 4,600, இரண்டாவது குடும்பத்திடம் 4,600, மூன்றாவது நண்பரின் மகனிடம் 800. அந்த மகன் இறந்துபோக, அவர் மனைவி எங்களிடம் வந்தார். அவரை அக்கா என்றே சொல்கிறேன்.

மானேஜிங் டைரக்டரை அந்தக் குடும்பம் பெரியப்பா என்றுதான் கூப்பிடும். துக்கம் கேட்க வந்த இடத்தில் அவர் சொன்னது: "ஷேர் மேலயே நூறு ரூபான்னு போட்டிருக்கேம்மா. எண்ணூறு ஷேர், எண்பதாயிரம். நான் ஒரு லட்சமாவே தந்துடுறேன், கையெழுத்து போட்டுக் குடு." அக்கா அன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லை. அதுதான் இந்தக் கதையில் நடந்த நல்ல காரியம்.

1. கையில் இருப்பது என்ன என்று முதலில் பாருங்கள்

சான்றிதழில் கம்பெனி பெயர், ஃபோலியோ எண், ஷேர் எண்களின் வரிசை, முகவிலை, எவ்வளவு கட்டியிருக்கிறது என்பதெல்லாம் இருக்கும். முகவிலை என்பது கம்பெனி தொடங்கியபோது வைத்த பெயரளவு எண். இன்றைய மதிப்புக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. பெரியப்பா சொன்ன எண்பதாயிரம் எந்தக் கணக்கிலிருந்தும் வரவில்லை, அச்சடித்த தாளிலிருந்து வந்தது.

அடுத்து மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகமான எம்சிஏவின் இணையதளத்தில் கம்பெனி பெயரைத் தேடி, அதன் 21 எழுத்து அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது இப்படி இருக்கும்:

```
U#####TN1988PTC######
```

முதல் எழுத்து U என்றால் லிஸ்ட் ஆகாதது, L என்றால் சந்தையில் லிஸ்ட் ஆனது. TN தமிழ்நாட்டில் பதிவானது, PY புதுச்சேரி. நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. PTC என்றால் பிரைவேட், PLC என்றால் பப்ளிக். கன்னியக்கோயில் தாண்டினால் மாநிலமே மாறிவிடும் ஊர் இது. தொழிற்சாலை கடலூரில் இருந்தும் பதிவு அலுவலகம் பாண்டிச்சேரி என்று இருக்கலாம். நீங்கள் கடிதம் அனுப்ப வேண்டியது பதிவு அலுவலக முகவரிக்கு.

அதே பக்கத்தில் கம்பெனியின் நிலை என்ன என்றும் வரும். பெயர் நீக்கப்பட்டது என்று இருந்தால் இந்த வழிகாட்டியின் மீதிப் பகுதி உடனே பயன்படாது. முதலில் கம்பெனிக்கு உயிர் கொடுக்கும் வேலை இருக்கிறது. ஒரு வக்கீலைப் பாருங்கள்.

சான்றிதழ் தொலைந்திருந்தால் இப்போதே டூப்ளிகேட்டுக்கு எழுதுங்கள். லிஸ்ட் ஆகாத கம்பெனிக்கு எல்லா ஆவணமும் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் அவகாசம் உண்டு. வாங்க ஆள் வந்த பிறகு இதைத் தொடங்கினால் அந்த மூன்று மாதத்தில் ஆள் போய்விடுவார்.

2. ஷேரை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், பேரம் பிறகு

உறுப்பினர் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் கம்பெனியிடம் கணக்கு கேட்க முடியாது, கூட்டத்துக்குப் போக முடியாது. இறந்தவர் பெயரில் ஷேர் இருக்கும்வரை நீங்கள் வெளியாள். பேரத்தில் எதிராளிக்கு இதைவிட வசதியான நிலை வேறில்லை. அதனால்தான் இது இரண்டாவது படி.

இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அசல் ஷேர் சான்றிதழ், பான் நகல் ஆகியவற்றோடு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். சில கம்பெனிகள் நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்றிதழ் கேட்கும். கம்பெனியின் விதிப்புத்தகமான ஆர்ட்டிகிள்ஸில் அப்படி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் கிடைத்த ஒரு மாதத்துக்குள் கம்பெனி புதுச் சான்றிதழ் தர வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 56ஆவது பிரிவு. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் அந்த ஒரு மாதம் எப்போது தொடங்கியது என்று யாரும் நிரூபிக்க முடியாது.

இங்கே தவறாமல் நடக்கும் பிழை ஒன்று. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவியும் பிள்ளைகளும் மட்டும் என்று நினைத்து மாமியாரை விட்டுவிடுவார்கள். அக்கா வீட்டிலும் அதுதான் நடக்க இருந்தது. நெல்லிக்குப்பத்தில் மகள் வீட்டில் இருந்த மாமியார் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரம் வாங்கிய பிறகே கோப்பு முழுமையானது. அது இல்லாமல் விற்றிருந்தால், வாங்கியவர் தலையில் நாளைக்கு ஒரு வழக்கு விழும். விவரம் தெரிந்தவர் அப்படிப்பட்ட ஷேரைத் தொடமாட்டார்.

நாமினி இருந்தால் எல்லாம் நாமினிக்குத்தான் என்பதும் தவறு. நாமினி என்பதால் மற்ற வாரிசுகளின் உரிமை போய்விடாது என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பாண்டிச்சேரிக் குடும்பங்களுக்கு இரண்டு விஷயம் கூடுதல். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் வம்சம் என்றால் பங்கு பிரிப்பே வேறு மாதிரி. வாரிசுகளில் ஒருவர் பிரான்ஸில் குடியிருக்கிறார் என்றால் அன்னியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விலை விதிகளும், அதன்படி ஷேர் கைமாறியதைத் தெரிவிக்கும் FC-TRS படிவமும் குறுக்கே வரக்கூடும். இவற்றை முதல் நாளே ஆடிட்டரிடம் சொல்லுங்கள். பேரம் முடிந்த பிறகு சொல்லி, பேசிய விலையே செல்லாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

3. ஆர்ட்டிகிள்ஸைப் படியுங்கள், விற்கும் வழி அதில்தான் இருக்கிறது

பிரைவேட் கம்பெனி என்றாலே ஷேர் கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் கம்பெனி என்பதுதான் சட்டம் தரும் விளக்கம். விற்பது கடினம் என்பது தற்செயலாக ஏற்பட்டதில்லை. தொடங்கும்போதே அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். எப்படி எழுதினார்கள் என்பது ஆர்ட்டிகிள்ஸ் என்ற விதிப்புத்தகத்தில் இருக்கும். உறுப்பினர் எழுத்தில் கேட்டு, உரிய கட்டணம் கட்டினால் ஏழு நாளில் நகல் தர வேண்டும். எம்சிஏ தளத்தில் View Public Documents பகுதியில் 100 ரூபாய் கட்டியும் பார்க்கலாம்.

அதில் மூன்று இடங்களைத் தேடுங்கள். வெளியாளுக்கு விற்கும் முன் மற்ற உறுப்பினர்களுக்குக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்ற முன்னுரிமை விதி. அப்படிக் கேட்கும்போது விலையை யார் முடிவு செய்வது என்ற விதி. பல பழைய ஆர்ட்டிகிள்ஸில் கம்பெனியின் ஆடிட்டர் சான்றளிக்கும் விலை என்று இருக்கும். மூன்றாவது, பெயர் மாற்றத்தை டைரக்டர்கள் மறுக்கலாம் என்ற விதி.

ஐஸ் பிளான்டின் ஆர்ட்டிகிள்ஸில் ஒரு வரி எல்லாவற்றையும் மாற்றியது: "ஓர் உறுப்பினர் தன் ஷேரை வேறொரு உறுப்பினருக்கு மாற்றிக் கொடுக்கத் தடையில்லை." முன்னுரிமை விதி வெளியாட்களுக்கு மட்டும்தான். அப்படியென்றால் அக்கா 800 ஷேரையும் இரண்டு குடும்பத்தில் யாராவது ஒருவருக்கே மொத்தமாக விற்கலாம். யார் வாங்குகிறாரோ அவரிடம் 54 சதவீதம். டைரக்டரை நியமிப்பதும் நீக்குவதும் பாதிக்கு மேல் ஓட்டு இருப்பவர் கையில். 46க்கும் 46க்கும் நடுவில் இருக்கும் 8 என்பது வெறும் 8 இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. பெரியப்பா ஏன் துக்க வீட்டிலேயே கையெழுத்துக் கேட்டார் என்பதும் புரிந்தது.

வாய்மொழியாகவோ தனித்தாளிலோ "நம்ம குடும்பத்துக்குள்ளதான் விற்கணும்" என்று பேசிவைத்திருந்தால் என்ன ஆகும்? ஆர்ட்டிகிள்ஸில் ஏறாத அத்தகைய கட்டுப்பாடு கம்பெனியையோ உறுப்பினரையோ கட்டுப்படுத்தாது என்று ரங்கராஜ் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவும் இரண்டு கிளைக் குடும்பங்கள் சரிபாதியாக ஷேர் வைத்திருந்த சிறிய பிரைவேட் கம்பெனிதான்.

4. கணக்கை வாங்கி, அதில் இருக்கும் உண்மையான லாபத்தைப் பிரித்தெடுங்கள்

குறைந்தது மூன்று ஆண்டு ஆடிட் செய்த கணக்கு வேண்டும். தளத்தில் AOC-4 என்பது கணக்கு, MGT-7 அல்லது MGT-7A என்பது யாரிடம் எத்தனை ஷேர் என்ற ஆண்டறிக்கை. பெயர் மாறிய உறுப்பினருக்குக் கம்பெனியே கணக்கை அனுப்ப வேண்டும்.

ஆடிட் ஆகாத தாள் எதையும் ஏற்காதீர்கள். அக்காவிடம் பெரியப்பா காட்டியது ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதக் கணக்கு. அதில் நஷ்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாதபோது ஐஸ் யார் வாங்குவார்? கடற்கரையில் பிறந்து வளர்ந்த அக்காவுக்கு அது தெரியும். ஆனால் தாளில் அச்சடித்து வரும்போது தெரிந்ததும் மறந்துவிடுகிறது.

மூன்று ஆண்டு வரி போன லாபம் 18 லட்சம், 30 லட்சம், 15 லட்சம் என்று இருந்தது. 30 லட்சத்தில் ஒரு பழைய யூனிட்டை விற்று வந்த 9 லட்சம் கலந்திருந்தது. அது மறுபடி வராது, கழிக்க வேண்டும். மீதி 18, 21, 15. சராசரி 18 லட்சம்.

இன்னொரு இடம் டைரக்டர் சம்பளம். கணக்கின் பின்பகுதியில் தொடர்புடையோர் பரிவர்த்தனை என்ற குறிப்பு வரும். புதியவர்கள் அதைப் புரட்டுவதே இல்லை. மூன்று டைரக்டர்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 24 லட்சம் போனது. வெளியில் ஒரு மேனேஜரை வைத்து அந்த வேலையை 12 லட்சத்தில் முடிக்கலாம். கூடுதலாகப் போகும் 12 லட்சம் உண்மையில் லாபம்தான், சம்பளம் என்ற பெயரில் வெளியேறுகிறது. சுமார் 25 சதவீத வரி போக 9 லட்சம். ஆகவே கம்பெனியைக் கையில் வைத்திருப்பவருக்கு லாபம் 27 லட்சம், ஓரத்தில் இருப்பவருக்கு 18 லட்சம். ஒரே கம்பெனி, ஒரே ஆண்டு, இரண்டு லாபம். லிஸ்ட் ஆகாத ஷேருக்கு ஒரே விலை இல்லாமல் போவதன் வேர் இதுதான்.

5. நான்கு விலை போடுங்கள். ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்

சந்தையில் உள்ள ஷேருக்குத் தினமும் ஆயிரம் பேர் வாங்கி விற்று விலை சொல்கிறார்கள். இங்கே யாரும் விற்கவில்லை, அதனால் விலை என்ற ஒன்று இன்னும் பிறக்கவே இல்லை. நாம் போடுவதெல்லாம் ஊகம். வெவ்வேறு பக்கத்திலிருந்து ஊகித்தால்தான் எல்லை தெரியும்.

டிவிடெண்ட் கணக்கு: கம்பெனி ஷேருக்கு 10 ரூபாய் தருகிறது. அக்காவுக்கு ஆண்டுக்கு 8,000 ரூபாய். டிவிடெண்டை மட்டும் பார்த்து, போட்ட பணத்துக்கு 10 சதவீதம் எதிர்பார்க்கும் வெளியாள் 100 ரூபாய்தான் தருவார். அவருக்கு வேறு எதுவும் கைக்கு வராது.

புத்தக மதிப்பு: நிலமும் கட்டிடமும் 30 லட்சம், மற்ற சொத்து 110 லட்சம், கடன் 90 லட்சம். மீதி 50 லட்சம், ஷேருக்கு 500 ரூபாய். முப்பது வருடத்துக்கு முன் வாங்கிய விலையில் நிலம் உட்கார்ந்திருப்பதால் இந்த எண் பொய் சொல்கிறது.

வழிகாட்டி மதிப்பு: நிலம், கட்டிடத்துக்குப் பத்திரப்பதிவுத் துறையின் மதிப்பைப் போட்டால் 240 லட்சம். 240, 110 சேர்த்து 90 கழித்தால் 260 லட்சம். ஷேருக்கு 2,600 ரூபாய்.

லாப மதிப்பு: இப்படி ஒரு தொழிலில் ஆண்டுக்கு 18 சதவீதம் எதிர்பார்ப்பது நியாயம் என்று வைத்துக்கொண்டோம். 18 லட்சத்தை 0.18ஆல் வகுத்தால் ஒரு கோடி, ஷேருக்கு 1,000. கட்டுப்பாடு கையில் உள்ளவருக்கு 27 லட்சத்தை வகுத்தால் ஒன்றரைக் கோடி, ஷேருக்கு 1,500.

100, 500, 1,000, 2,600. தவறு எதிலும் இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆளின் கண்ணில் தெரியும் விலை.

அக்காவின் மகன் 2,600ஐப் பிடித்துக்கொண்டான். "நிலத்துல எட்டு சதவீதம் நம்மளது தானே சார்?" இல்லை தம்பி. நிலம் கம்பெனியுடையது, உங்களிடம் இருப்பது கம்பெனியின் ஷேர். நிலத்தை விற்கச் சொல்லி 8 சதவீதம் கட்டாயப்படுத்த முடியாது. கம்பெனியைத் தானாகக் கலைக்கவும் முக்கால் பங்கு ஓட்டு வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனியின் ஷேரை லாபம் தரும் திறனை வைத்து மதிப்பிட வேண்டும், சொத்தைப் பிரித்துப் பார்க்கும் முறை மூடும் நிலையில் உள்ள கம்பெனிக்குத்தான் என்று 1972இலேயே மகாதேவ் ஜலான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்தக் காரணத்தால்தான்.

லாப மதிப்பான 1,000த்திலிருந்தும் ஒரு கழிவு உண்டு. நாளை பணம் தேவைப்பட்டால் உடனே விற்க முடியாத பொருளுக்கு வாங்குபவர் குறைத்துத்தான் தருவார். மதிப்பீட்டாளர்கள் இதற்கு 20 முதல் 35 சதவீதம் வரை கழிப்பதைப் பார்க்கிறேன். 30 போட்டால் 700. சம்பளத்துக்குச் செய்த திருத்தத்தை விட்டுவிட்டு, சிறு பங்கு என்பதற்காகத் தனியாக இன்னொரு கழிவும் சிலர் போடுவார்கள். 18 லட்சத்தை எடுத்ததிலேயே அந்தக் கழிவு வந்துவிட்டது, இரண்டு முறை கழிக்க விடாதீர்கள்.

ஆகவே சாதாரண வெளியாளுக்கு 700, கட்டுப்பாடு கிடைக்கப்போகும் இரண்டு குடும்பத்துக்கும் 1,500 வரை. பேரம் இந்த இரண்டு எண்ணுக்கு நடுவில்.

6. விலை பேசும் முன் வரியைப் போட்டுப் பாருங்கள்

இதைக் கடைசிக்கு வைப்பதுதான் நான் பார்த்த பிழைகளிலேயே அதிகச் செலவு வைப்பது.

லிஸ்ட் ஆகாத ஷேரை, வருமான வரி விதி சொல்லும் நியாய மதிப்புக்குக் கீழே விற்றால், அந்த நியாய மதிப்புக்கே விற்றதாக வைத்து விற்பவருக்கு மூலதன ஆதாய வரி. விற்ற விலைக்கும் அந்த நியாய மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் 50,000 ரூபாயைத் தாண்டினால், அது முழுவதும் வாங்குபவரின் வருமானமாகவும் சேரும். 1961 சட்டத்தில் 50சிஏ, 56(2)(எக்ஸ்) என்று ஆடிட்டர்கள் சொல்லும் பிரிவுகள் இவை. அந்த விதியின் மதிப்பில் நிலமும் கட்டிடமும் வழிகாட்டி மதிப்பில்தான் ஏறும். அதாவது யாரும் தர முன்வராத 2,600தான் வரித்துறையின் விலை.

வாங்குபவர் சட்டம் வரையறுக்கும் உறவினர் என்றால் அவருக்கு இரண்டாவது வரி இல்லை. விற்பவருக்கு அந்த விலக்கு கிடையாது. நம் கதையில் பெரியப்பா என்பது அழைக்கும் முறை மட்டும். ரத்த உறவு இல்லாததால் அவருக்கும் வரி உண்டு.

அக்காவின் கணக்கு: 800 ஷேர் × 2,600 = 20.80 லட்சம். ஷேர் மாமனார் காலத்தில் வந்தது. மரபுரிமையில் வந்த ஷேருக்கு முந்தையவர் வைத்திருந்த காலமும் சேரும். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியது என்றால் அன்றைய நியாய மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். மதிப்பீட்டாளர் அறிக்கைப்படி அது 300 ரூபாய், மொத்தம் 2.40 லட்சம். ஆதாயம் 18.40 லட்சம். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்ததால் நீண்டகாலம், வரி 12.5 சதவீதம், 2.30 லட்சம், செஸ் சேர்த்து 2,39,200. வேறு வருமானம் குறைவாக இருந்தால் இது கொஞ்சம் இறங்கும்.

கவனியுங்கள்: ஒரு லட்சத்துக்குப் பெரியப்பாவிடம் கையெழுத்துப் போட்டிருந்தால், வந்த பணத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் வரி கட்ட வேண்டியிருந்திருக்கும்.

7. வாங்கக்கூடியவர்களை எண்ணுங்கள், எல்லோருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்

பிரைவேட் கம்பெனி ஷேரைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்து விற்கும் வழி கிடையாது. வாங்கக்கூடியவர் ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர், அதே தொழிலில் இருப்பவர், அல்லது கம்பெனியே. கம்பெனி தன் ஷேரைத் திரும்ப வாங்க 68ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் அதற்குப் போதிய இருப்பு, தீர்மானம், அளவு வரம்பு எல்லாம் வேண்டும், வரியும் வேறு. டைரக்டர்கள் விரும்பாமல் அது நடக்காது.

ஒருவரிடம் மட்டும் பேசினால் அவர் சொல்வதுதான் விலை. அக்கா இரண்டு குடும்பத்துக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் கடிதம் அனுப்பினார்: 800 ஷேர் விற்க விருப்பம், 30 நாளுக்குள் எழுத்தில் விலை சொல்லவும். கோபமான சொல் ஒன்றும் இல்லை. பெரியப்பா இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு 900 என்றார். இரண்டாவது குடும்பம் 1,200 என்றது. கடைசியில் பெரியப்பா 1,350, இரண்டாவது குடும்பம் 1,450.

அக்கா 1,350ஐ எடுத்தார். காரணம் போர்டு. மூன்று டைரக்டர்களில் இருவர் பெரியப்பா பக்கம், மறுக்கும் அதிகாரம் ஆர்ட்டிகிள்ஸில் இருந்தது. இரண்டாவது குடும்பமும் அதை அறிந்தே, பெயர் பதிவான பிறகுதான் பணம் என்று நிபந்தனை போட்டது. பதிவாகாத 1,450ஐவிடக் கையெழுத்திடும் நாளில் வங்கியில் விழும் 1,350 மேல் என்று நானும் சொன்னேன். மறுப்பை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போக வலு இருக்கும் குடும்பம் என்றால் வேறு மாதிரி முடிவெடுத்திருக்கலாம்.

பெரியப்பாவுக்கு இது 10.80 லட்சம், அதோடு (2,600 − 1,350) × 800 = 10 லட்சம் வருமானமாகச் சேர்ந்து 30 சதவீத அடுக்கில் சுமார் 3 லட்சம் வரி. அவர் ஆடிட்டர் இதைச் சொல்லித்தான் விலையை இறக்கக் கேட்டார். விலையை இறக்கினால் அந்த வரி கூடும், குறையாது என்று காட்டியதும் பேச்சு நின்றது.

8. SH-4, பணம், சான்றிதழ்: இவை கைமாறும் வரிசை

முதலில் தாள் ஷேரை மின்னணு வடிவமான டீமேட்டாக மாற்றுவது தேவையா என்று கேளுங்கள். சட்டம் வரையறுக்கும் சிறு நிறுவனம் தவிர்த்த பிரைவேட் கம்பெனிகளில், ஷேரை டீமேட்டாக மாற்றிய பிறகே விற்க முடியும். மூலதன, விற்றுமுதல் வரம்புகள் திருத்தப்பட்டுக்கொண்டே வருவதால் அந்த ஆண்டு வரம்பைக் கம்பெனியின் ஆடிட்டரிடம் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஐஸ் பிளான்ட் சிறு நிறுவனம், தாள் சான்றிதழே போதுமாக இருந்தது.

ஷேர் கைமாற்றும் படிவமான SH-4இல் இரு தரப்பும், சாட்சியும் கையெழுத்திட வேண்டும். தொகையில் 0.015 சதவீதம் முத்திரைக் கட்டணம், 10.80 லட்சத்துக்கு 162 ரூபாய். தொகை சிறியது என்று விட்டுவிடுவார்கள். முத்திரை இல்லாத படிவத்தைக் கம்பெனி பதிவு செய்ய முடியாது. கையெழுத்திட்ட தேதியிலிருந்து 60 நாளுக்குள் படிவம் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும்.

தேதியும் தொகையும் நிரப்பாத SH-4இல் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். சான்றிதழும் வெற்றுப் படிவமும் ஒரே கையில் சேர்ந்துவிட்டால், பணம் வராமலே பெயர் மாறிவிடும். நாங்கள் அக்காவை வங்கிக் கிளைக்கே கூட்டிச் சென்றோம். ஆர்டிஜிஎஸ்ஸில் பணம் கணக்கில் ஏறியது என்று மேனேஜர் பாஸ்புக்கில் பதிந்து காட்டிய பிறகு, அதே மேசையில் கையெழுத்து.

9. கம்பெனி பதிவு செய்ய மறுத்தால்

பிரைவேட் கம்பெனி மறுப்பதானால் 30 நாளுக்குள் காரணத்தோடு அறிவிப்பு அனுப்ப வேண்டும். வாங்கியவர் அந்த அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அறிவிப்பே வரவில்லை என்றால் படிவம் கொடுத்த நாளிலிருந்து 60 நாள். கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் சென்னை அமர்வுதான். நாள் தவறுவது பெரும்பாலும் சமாதானம் பேசிக்கொண்டிருக்கும் போதுதான். பேச்சு நடக்கட்டும், காலண்டரில் தேதியைக் குறித்து வையுங்கள்.

விற்கவே விடாமல், டிவிடெண்டும் தராமல், கணக்கும் காட்டாமல் இழுத்தடித்தால் அடக்குமுறை, முறைகேடு என்று 241ஆவது பிரிவில் மனு உண்டு. பத்து சதவீத ஷேர் அல்லது உறுப்பினர் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். ஐந்தாறு பேர் மட்டும் உறுப்பினராக உள்ள கம்பெனியில் ஒருவரே அந்தப் பத்தில் ஒரு பங்குதான். செலவும் ஆண்டுகளும் ஆகும். ஆனால் அந்த உரிமை இருக்கிறது என்று எதிராளிக்குத் தெரிந்திருந்தாலே கணக்குக் கேட்ட கடிதத்துக்குப் பதில் சீக்கிரம் வருகிறது.

அக்காவுக்கு முதல் கடிதத்திலிருந்து பணம் வரை பதினோரு மாதம் ஆனது. அதில் நான்கு மாதம் பெயர் மாற்றத்துக்கே போனது. அடுத்த ஆண்டு MGT-7A வந்ததும் தளத்தில் பார்த்து, அவர் பெயர் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீங்கியிருக்கிறதா என்று உறுதிசெய்தோம். அந்தப் பக்கத்தை அச்சிட்டு, SH-4 நகல், பாஸ்புக் நகல், மாமியாரின் விடுதலைப் பத்திரம், 2001 மதிப்பீட்டு அறிக்கை எல்லாவற்றோடும் ஒரே கோப்பில் வைத்தோம். வரித்துறை நோட்டீஸ் வந்தால் முதலில் கேட்பது அந்த அறிக்கையைத்தான்.